340 வீடு, இன்னும் 180 வரப்போகிறது: குரூப்பா, சேனலா, கம்யூனிட்டியா?

இணைச்செயலர் · ஜூன் 3, இரவு 9.40

குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு இப்போது இருப்பது ஒரே ஒரு வாட்ஸ்ஆப் குரூப். 340 வீடு, 610 பேர். கிழக்குப் பக்கம் 180 வீடு கட்டி முடியும் நிலையில் இருக்கிறது, அவர்களும் சங்கத்தில்தான் சேர்வார்கள்.

பிரச்சினை இதுதான். மேல்நிலைத் தொட்டி கழுவ மறுநாள் காலை 6 முதல் 10 வரை தண்ணீர் நிறுத்தம் என்று இரவு 8 மணிக்குப் போடுகிறோம். அதன் கீழே "எத்தனை மணிக்கு வரும்?", "எங்கள் தெருவுக்கும் உண்டா?", "போன முறையும் இப்படித்தான்" என்று வரிசையாக வந்து, நடுவில் யாரோ பிறந்தநாள் வாழ்த்தும் போட்டு, பத்து மணிக்கு போனை எடுப்பவர் கண்ணில் அறிவிப்பே படுவதில்லை. காலையில் வாளி பிடிக்காத வீடுகளிலிருந்து போன் வருகிறது.

கமிட்டியில் மூன்று கட்சி. ஒருவர் இருக்கிற குரூப்பே போதும், கட்டுப்பாடு போட்டால் சரியாகிவிடும் என்கிறார். ஒருவர் சேனல் என்கிறார். ஒருவர் பல குரூப்களை ஒரே குடையின் கீழ் வைத்து, எல்லாருக்கும் பொதுவாக ஒரு அறிவிப்புக் குரூப்பும் தரும் கம்யூனிட்டி என்கிறார். மூன்றையும் நடத்திப் பார்த்தவர்கள் எதற்கு எது என்று சொல்லுங்கள்.

பொருளாளர் · ஜூன் 3, இரவு 10.05

சேனல்தான். யோசிக்கவே வேண்டாம். ஒருவழிப் பாதை, யாரும் பதில் போட முடியாது, எண்ணும் வெளியே தெரியாது, எத்தனை பேர் வேண்டுமானாலும் சேரலாம். நீங்கள் சொன்ன அத்தனை தொல்லைக்கும் ஒரே தீர்வு.

நிலவொளி · ஜூன் 3, இரவு 10.31

நாங்கள் அதைத்தான் செய்கிறோம், நன்றாகவே போகிறது. ஒரே செய்தி எல்லாருக்கும் தனித்தனியாகப் போய்விடும், பதில் அனுப்பினால் எனக்கு மட்டும்தான் வரும். ஆனால் ஒரு பட்டியலில் 256 பேர்தான், அதனால் நீங்கள் மூன்று பட்டியல் போட வேண்டியிருக்கும்.

தெற்குவீதி · ஜூன் 4, காலை 6.50

நிலவொளி, நீங்கள் சொல்வது பிராட்காஸ்ட் லிஸ்ட். இங்கே கேட்பது சேனல், அது வேறு. லிஸ்டில் 256 என்ற வரம்பைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அந்தச் செய்தி போகும். சேமிக்காதவருக்குப் போகாது, போகவில்லை என்று உங்களுக்கும் எச்சரிக்கை வராது. புதிதாக வரப்போகும் 180 வீட்டில் செயலாளர் எண்ணைச் சேமித்தவர் எத்தனை பேர் இருப்பார்கள்? செயலாளர் மாறும்போது மொத்தமும் முதலிலிருந்து. சின்ன இடத்துக்கு ஓடும், 500 வீட்டுக்கு ஓடாது.

பொருளாளர், எண் மறைவதும் பதில் போட முடியாததும் உண்மை. ஆனால் தண்ணீர் நிறுத்தம் மாதிரி அவசரச் செய்திக்குச் சேனல் மூன்று இடத்தில் சறுக்கும்.

ஒன்று, சேனல் சாட் பட்டியலில் வராது. அது Updates என்ற தனிப் பக்கத்தில் இருக்கும். தினமும் அந்தப் பக்கம் போகாதவர் நிறைய. அதோடு, ஒருவர் சேனலைப் பின்தொடர்ந்ததும் அதன் நோட்டிபிகேஷன் தொடக்கத்திலேயே மியூட்டில்தான் இருக்கும். அவரே உள்ளே போய் மணிக் குறியைத் தொட்டால்தான் ஒலி வரும். ஆக, இரவு 8 மணிக்கு நீங்கள் போட்ட செய்தி யார் போனிலும் சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருக்கும். இப்போது செய்தி புதைந்து போகிறது, சேனலில் வந்ததே தெரியாமல் போகும்.

இரண்டு, பின்தொடர்வது யார் என்று உங்களுக்கு முழுமையாகத் தெரியாது. உங்கள் போனில் சேமித்த எண்ணாக இல்லாவிட்டால் அட்மினுக்கும் எண் காட்டாது. மொத்தம் எத்தனை பேர் என்ற கணக்கு கிடைக்கும். 14ஆம் எண் வீடு சேர்ந்திருக்கிறதா என்று சரிபார்க்க வழியில்லை, வீட்டைக் காலி செய்து போனவரைத் தேடி எடுக்கவும் வழியில்லை.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். குரூப்பும் கம்யூனிட்டியும் முனைக்கு முனை பூட்டப்பட்டவை. சேனல் அப்படி இல்லை, அது பொதுவெளி. லிங்க் கிடைத்த எவரும் படிக்கலாம், ஒரு பதிவை ஃபார்வர்ட் செய்தால் சேனலுக்கான இணைப்பும் கூடவே போகும். "இன்று இரவு காவலாளி விடுப்பு, கேட்டைப் பூட்டிக்கொள்ளுங்கள்" என்று சங்கம் போடாமல் இருக்குமா? அந்த வரி யார் கண்ணில் படக்கூடாதோ அவர் கண்ணிலும் படும்.

அறுபது வீடு · ஜூன் 4, காலை 8.15

எங்களுடையது ஒரே கட்டடம், 60 வீடு. ஒரே குரூப்தான், எந்தத் தொல்லையும் இல்லை. இவ்வளவு பெரிய ஏற்பாடு எதற்கு என்று புரியவில்லை. அட்மின் கண்டிப்பாக இருந்தால் போதாதா?

தெற்குவீதி · ஜூன் 4, காலை 8.40

60 வீட்டுக்குப் போதும். அங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், தண்ணீர்த் தொட்டியும் ஒன்றுதான். ஒருவர் கேட்கும் கேள்வி மற்ற 59 வீட்டுக்கும் பொருந்தும். இவர்கள் இடத்தில் மூன்றாம் தெரு விளக்கு எரியாதது ஏழாம் தெருக்காரருக்குத் தேவையில்லாத செய்தி. தேவையில்லாத செய்தி தொடர்ந்து வந்தால் அவர் குரூப்பை மியூட் செய்வார். மியூட் செய்தபின் அட்மின் எவ்வளவு கண்டிப்பாக இருந்தாலும் தண்ணீர் நிறுத்த அறிவிப்பு அவருக்குக் கேட்காது. கண்டிப்பு மட்டும் இதைச் சரிசெய்யாது.

இணைச்செயலர் · ஜூன் 4, மதியம் 1.20

சேனல் பற்றித் தெளிவாகிவிட்டது. ஆனால் கம்யூனிட்டிக்குப் போகாமலே ஒரு வழி இருக்கிறதே. இப்போதைய குரூப்பைப் பேச்சுக்கு விட்டுவிட்டு, இன்னொரு குரூப் தொடங்கி, அதில் அட்மின் மட்டும் செய்தி போடலாம் என்று வைத்துவிட்டால்? சாட் பட்டியலிலேயே வரும், ஒலியும் வரும்.

தெற்குவீதி · ஜூன் 4, மதியம் 2.05

நல்ல வழி. பல சங்கங்களுக்கு இதுவே போதும். 100, 150 வீடு வரை நான் இதைத்தான் சொல்வேன். உங்கள் விஷயத்தில் இரண்டு இடத்தில் முட்டும்.

முதலாவது கணக்கு. ஒரு குரூப்பில் அதிகபட்சம் 1,024 பேர். உங்கள் 340உம் புதிய 180உம் சேர்ந்தால் 520 வீடு. இப்போதே வீட்டுக்குச் சராசரி இரண்டு பேருக்குச் சற்றுக் குறைவாக இருக்கிறீர்கள். வீட்டுக்கு இரண்டு பேர் என்று முழுசாக வந்தால் 1,040. பதினாறு பேருக்கு இடம் இருக்காது, அந்தப் பதினாறும் கடைசியாகக் குடிவந்த வீடுகளாகத்தான் இருக்கும். சங்கத்தின் மீது இன்னும் ஒட்டுதல் வராத வீடுகள் அவை, முதல் அனுபவமே "இடமில்லை" என்றால் சந்தா வாங்கப் போகும்போது தெரியும். வீட்டுக்கு ஒருவர் என்று விதி வைத்தால் கணக்கு சரியாகும், ஆனால் அந்த ஒருவர் வெளியூரில் இருக்கும் நாளில் வீட்டில் இருப்பவருக்குச் செய்தி போகாது.

இரண்டாவது, எண். சாதாரண குரூப்பில் அட்மின் மட்டும் பேசினாலும் உறுப்பினர் பட்டியல் எல்லாருக்கும் திறந்தே இருக்கும்.

மாடிவீடு · ஜூன் 4, மாலை 4.48

அந்த இரண்டாவது விஷயத்தை யாராவது சொல்வார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கமிட்டிகள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதே இல்லை. அறிவிப்பு படிப்பதற்காகச் சேரும் ஒரு பெண்ணின் எண், பெயர், படம் எல்லாம் அறுநூறு பேருக்குப் போகிறது. அதில் பாதிப் பேரை அவர் பார்த்ததே இல்லை. பிறகு வீட்டுக் கடன், காப்பீடு, டியூஷன் என்று செய்திகள், அதைவிட மோசமானதும் வரும். அதனால்தான் பல வீடுகளில் கணவர் எண்ணை மட்டும் கொடுக்கிறார்கள். பகலில் வீட்டில் இருப்பவர் மனைவி, தண்ணீர் நிற்கும் செய்தி போவது அலுவலகத்தில் இருக்கும் கணவருக்கு.

கம்யூனிட்டியில் இது எப்படி?

தெற்குவீதி · ஜூன் 4, மாலை 5.30

கம்யூனிட்டியின் அறிவிப்புக் குரூப்பில் சாதாரண உறுப்பினர் எண் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது. கம்யூனிட்டி அட்மின்களுக்குத் தெரியும். கம்யூனிட்டிக்குள் தெருவுக்கு ஒன்று என்று வைக்கும் தெருக் குரூப்பில் சேர்ந்தால் அந்தக் குரூப்பில் இருப்பவர்களுக்கு மட்டும் தெரியும், அது வழக்கமான குரூப் மாதிரிதான். அதாவது உங்கள் எண் அறுநூறு பேருக்குப் பதில் உங்கள் தெருவின் நாற்பது ஐம்பது பேருக்குப் போகும். அதுவும் வேண்டாம் என்றால் தெருக் குரூப்பை விட்டு வெளியேறி அறிவிப்பில் மட்டும் இருக்கலாம்.

இணைச்செயலருக்கு: கம்யூனிட்டியை நான் பரிந்துரைப்பது முக்கியமாக இந்தக் காரணத்துக்காகத்தான். எண்ணிக்கை கூடுதலாகக் கொள்ளும் என்பது அடுத்தது.

மாடிவீடு · ஜூன் 4, மாலை 5.52

அறிவிப்புக்கு ஒருவர் கைதட்டல் குறி போட்டாலோ பதில் எழுதினாலோ அவர் எண் வெளியே தெரிந்துவிடுமா?

தெற்குவீதி · ஜூன் 4, மாலை 6.10

சோதித்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள், என் வார்த்தையை நம்பி இறங்க வேண்டாம். இந்த இடத்தில் செயலியின் நடத்தை பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது. நான்கு போன் போதும். ஒரு அட்மின், ஒருவரையொருவர் எண் சேமிக்காத மூன்று பேர். காலியான சோதனைக் கம்யூனிட்டி ஒன்று தொடங்கி, மூவரில் ஒருவர் குறி போடட்டும், ஒருவர் பதில் எழுதட்டும், மூன்றாமவர் திரையில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். அதில் தெரிவதை வைத்து உங்கள் வரவேற்புச் செய்தியில் ஒரு வரி எழுதிவிடுங்கள். சோதனை முடிந்ததும் அந்தக் கம்யூனிட்டியை மூடிவிடலாம்.

பொருளாளர் · ஜூன் 4, இரவு 9.15

அறிவிப்புக் குரூப்பில் பதில் போட முடியும் என்றால் பழைய தொல்லைதானே திரும்ப வரும்? ஒருவழிப் பாதை என்று நினைத்தேன்.

தெற்குவீதி · ஜூன் 4, இரவு 9.50

புதிய செய்தி போடுவது அட்மின் மட்டும்தான். பதில் எழுதும் வசதி 2024இல் வந்தது. பதில்கள் எல்லாம் அந்த அறிவிப்பின் கீழே ஒரே கட்டாகச் சுருங்கி இருக்கும், தொட்டால்தான் விரியும். பதிலுக்கான நோட்டிபிகேஷன் எல்லாருக்கும் மியூட். ஆக "எத்தனை மணிக்கு வரும்?" என்று முப்பது பேர் கேட்டாலும் அடுத்த அறிவிப்பு புதையாது. உங்களுக்கும் ஒரு நன்மை: ஒரே கேள்வி மூன்று பேர் கேட்டால் அறிவிப்பில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று தெரியும்.

இணைச்செயலர் · ஜூன் 5, காலை 7.30

சரி, கம்யூனிட்டி என்றே வைத்துக்கொள்வோம். இருக்கும் 610 பேர் குரூப்பை அப்படியே உள்ளே இணைத்துவிடலாமா? புதிதாக எல்லாரையும் சேர்க்கச் சொன்னால் பாதிப் பேர் வர மாட்டார்கள்.

தெற்குவீதி · ஜூன் 5, காலை 9.05

இணைக்கலாம், ஆனால் இன்றைக்கே வேண்டாம். ஒரு குரூப்பைக் கம்யூனிட்டியில் இணைத்த கணமே அதில் உள்ள அத்தனை பேரும் தானாக அறிவிப்புக் குரூப்பிலும் சேர்ந்துவிடுவார்கள். யாரிடமும் சம்மதம் கேட்காது. 610இல் காலி செய்து போன வாடகைதாரர், பழைய பிளம்பர், வீடு விற்றுவிட்டுப் போனவர் என்று எத்தனை பேர்? அவர்களும் சேர்ந்தே வருவார்கள். முதலில் சலித்து எடுங்கள்.

நான் செய்யச் சொல்லும் வரிசை இது.

முதலில் ஒரு விரிதாள். வீட்டு எண், பெயர், போன் எண், சொந்தக்காரரா வாடகையா, எந்தத் தெரு என்று ஐந்து பத்தி. குரூப் பட்டியலை வைத்துக்கொண்டு தெருவுக்கு ஒருவர் உட்கார்ந்து சரிபார்க்கட்டும். தெருவுக்கு 40, 50 வீடுதான், ஒரு மாலையில் முடியும். எந்த வீட்டோடும் பொருந்தாத எண்களுக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பி, ஒரு வாரம் பொறுத்து, பதில் இல்லாவிட்டால் நீக்குங்கள்.

பிறகு New community. பெயரில் சங்கத்தின் பெயர் மட்டும் போதும். குரூப்பை இணைப்பவர் அந்தக் குரூப்பிலும் அட்மினாக இருக்க வேண்டும், அதைக் கவனியுங்கள். பழைய குரூப்பை "பொதுப் பேச்சு" என்று பெயர் மாற்றி இணையுங்கள். பழைய செய்திகள் எல்லாம் அதிலேயே இருக்கும்.

அடுத்து தெருக் குரூப்கள். இதில்தான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். கம்யூனிட்டியில் நிறைய குரூப் வைக்கலாம் என்பதால் முதல் நாளே தோட்டம், வண்டி நிறுத்தம், பழைய பொருள், யோகா என்று தொடங்கிவிடுவார்கள். ஆளில்லாத குரூப் பட்டியலில் தொங்கினால் மற்றவற்றையும் யாரும் திறக்க மாட்டார்கள். முதலில் அறிவிப்பு, பொதுப் பேச்சு, தெருக் குரூப்கள், இவ்வளவுதான். மற்றது யாராவது பத்துப் பேர் சேர்ந்து கேட்டால்.

கமிட்டிக் குரூப்பை உள்ளே கொண்டுவராதீர்கள். அது வெளியிலேயே தனிக் குரூப்பாக இருக்கட்டும். உள்ளே இருந்தால் உறுப்பினர்கள் கண்ணில் அதன் பெயர் படும், சேர விண்ணப்பம் வரும், மறுத்தால் மனத்தாங்கல்.

மாடிவீடு · ஜூன் 5, காலை 10.20

புதிய 180 வீட்டுக்கு லிங்க் கொடுப்பது எப்படி? நோட்டீஸ் பலகையில் கியூஆர் ஒட்டினால் யார் வேண்டுமானாலும் வந்துவிடுவார்களே.

தெற்குவீதி · ஜூன் 5, காலை 11.00

கம்யூனிட்டியின் லிங்கை வெளியே கொடுக்காதீர்கள். தெருக் குரூப்பின் லிங்கைக் கொடுங்கள். அந்தக் குரூப் அமைப்பில் புதியவரை அட்மின் ஒப்புதலுக்குப் பிறகே சேர்ப்பது என்பதை இயக்கிவிடுங்கள். விண்ணப்பம் வந்ததும் தெருப் பொறுப்பாளர் தனியாகக் கேட்க வேண்டியது இரண்டே: வீட்டு எண், பெயர். விரிதாளில் இருந்தால் ஒப்புதல். தெருக் குரூப்பில் சேர்ந்ததும் அவர் தானாக அறிவிப்பிலும் வந்துவிடுவார், தனியாக ஒன்றும் செய்ய வேண்டாம்.

ஒட்டிய கியூஆரை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். குடியேற்றம் ஒரு கட்டம் முடிந்ததும் Reset link கொடுத்தால் பழைய கியூஆர் செத்துவிடும், உள்ளே இருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது.

தெற்குவீதி · ஜூன் 5, மதியம் 12.15

மேலே எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள், பலர் தடுமாறும் இடம். சேர்வது தானாக நடக்கிறது, நீக்குவது அப்படி இல்லை. வீடு காலி செய்தவரைத் தெருக் குரூப்பிலிருந்து மட்டும் நீக்கினால் அவர் அறிவிப்பில் அப்படியே இருப்பார். காவலாளி விடுப்புச் செய்தி அவருக்கும் போய்க்கொண்டிருக்கும். கம்யூனிட்டியிலிருந்தே நீக்க வேண்டும், அப்போது எல்லாக் குரூப்பிலிருந்தும் ஒரேயடியாகப் போவார்.

இதன் மறுபக்கமும் உண்டு. பேச்சு பிடிக்காமல் ஒருவர் கோபத்தில் கம்யூனிட்டியை விட்டு வெளியேறினால் தெரு, அறிவிப்பு எல்லாம் சேர்ந்து போய்விடும். பொதுப் பேச்சை மட்டும் விட்டுப் போகலாம் என்பது அவருக்குத் தெரியாது. வரவேற்புச் செய்தியில் முதல் வரியே இதுவாக இருக்கட்டும்: "பேச்சு வேண்டாம் என்றால் 'பொதுப் பேச்சு' குரூப்பை மட்டும் விட்டு வெளியேறுங்கள். கம்யூனிட்டியை விட்டு வெளியேறினால் தண்ணீர், மின்சார அறிவிப்புகளும் நின்றுவிடும்."

தணிக்கை · ஜூன் 5, இரவு 8.30

அட்மின் யார் என்று ஒருவரும் பேசவில்லை. செயலாளர் தன் சொந்த எண்ணில் தொடங்குவார், அடுத்த தேர்தலில் வேறொருவர் வருவார், பழையவர் மனம் நொந்து ஒப்படைக்க மாட்டார். சங்கத்தின் பெயரில் ஒரு எண், ஒரு போன், அதில் தொடங்குங்கள். அந்த போன் அலுவலகத்தில் இருக்கட்டும். கூடவே இரண்டு பேரை அட்மினாக்குங்கள். அறிவிப்பு போடும் அதிகாரம் நிறையப் பேருக்குக் கொடுத்தால் அதுவும் பழைய குரூப் ஆகிவிடும். சாதாரண குரூப்பில் ஒரே அட்மின் வெளியேறினால் செயலி யாரோ ஒரு உறுப்பினரை அட்மினாக்கிவிடும், தெருக் குரூப்களுக்கும் ஆளுக்கு இரண்டு அட்மின் வையுங்கள்.

இன்னொன்று. பொதுக்குழு முடிவை வாட்ஸ்ஆப் வாக்கெடுப்பில் எடுக்காதீர்கள். அது போனுக்கு ஒரு வாக்கு. மூன்று பேர் சேர்ந்திருக்கும் வீட்டுக்கு மூன்று வாக்கு, ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு ஒன்று. உங்கள் சங்கத்தில் வீட்டுக்கு ஒரு வாக்கு என்றுதான் விதி இருக்கும். அதோடு யார் எதற்கு வாக்களித்தார் என்று குரூப்பில் பெயரோடு தெரியும், வாக்கை மாற்றவும் முடியும்.

பொருளாளர் · ஜூன் 5, இரவு 9.02

பெயர் தெரியாமல் வாக்கெடுக்க டெலிகிராம் இருக்கிறது. அங்கே புதிதாக வருபவர் பழைய செய்தியையும் படிக்கலாம், குரூப்பில் இரண்டு லட்சம் பேர் வரை கொள்ளும். இத்தனை சுற்று எதற்கு?

தெற்குவீதி · ஜூன் 5, இரவு 9.40

டெலிகிராமில் வசதி கூடுதல் என்பதை மறுக்கவில்லை. புதியவருக்குப் பழைய செய்தி தெரிவது சங்கத்துக்கு மிகவும் உதவும். ஆனால் 520 வீட்டில் அந்தச் செயலி எத்தனை போனில் ஏற்கெனவே இருக்கிறது என்று தெரு வாரியாகக் கேட்டுப் பாருங்கள். தண்ணீர் அறிவிப்புக்காக மட்டும் ஒரு செயலி இறக்குபவர் அதைத் திறக்கவும் மறப்பார். எல்லாரிடமும் இருந்தால் தாராளமாகப் போங்கள்.

தணிக்கை சொன்னது சரி. வாக்கெடுப்பை நாடி பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். "தொட்டி கழுவுவது சனிக்கிழமையா ஞாயிறா" என்பது போல. பணம் சம்பந்தப்பட்டது கையெழுத்துப் பதிவேட்டில்தான்.

இணைச்செயலர் · ஜூன் 6, காலை 7.10

அறிவிப்பை எழுதும் விதத்தையும் கேட்டுவிடுகிறேன். இதுவரை நாங்கள் எழுதியது "நாளை காலை தண்ணீர் வராது, ஒத்துழைக்கவும்" என்ற மாதிரிதான்.

தெற்குவீதி · ஜூன் 6, காலை 8.00

"நாளை" என்று எழுதாதீர்கள். ஒருவர் அதை மறுநாள் காலையில் ஃபார்வர்ட் செய்தால் "நாளை" வேறு நாளாகிவிடும். தேதி, கிழமை, நேரம், எந்தத் தெரு, எதற்கு, தாமதமானால் எப்படித் தெரியும். ஆறும் இருந்தால் கேள்வி குறையும். உங்கள் தொட்டி விஷயத்தையே எழுதினால்:

"தண்ணீர் நிறுத்தம்: ஜூன் 14, சனிக்கிழமை, காலை 6 முதல் 10 வரை. 1 முதல் 5ஆம் தெரு வரை மட்டும். மேல்நிலைத் தொட்டி கழுவும் பணி. 6ஆம், 7ஆம் தெருக்களுக்கு வழக்கம்போல் வரும். 10 மணிக்கு மேல் நீண்டால் இதே குரூப்பில் 9.30க்குச் சொல்வோம்."

6ஆம், 7ஆம் தெரு வரி முக்கியம். அதைப் போடாவிட்டால் அந்த இரண்டு தெருவிலிருந்துதான் அதிகக் கேள்வி வரும். கடைசி வரி போட்டால் 9.30க்கு நிஜமாகவே சொல்ல வேண்டும்.

எப்போது போடுவது: இரண்டு நாள் முன்னால் ஒன்று, முந்தின மாலை 6 மணிக்கு ஒன்று. இரவு 8 மணி தாமதம், வாளி நிரப்ப நினைப்பவர் அன்றைய தண்ணீர் நேரத்துக்குள் படித்திருக்க வேண்டும். முதலாவதைப் பின் செய்யுங்கள். பின் செய்யும்போது 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று கேட்கும், 7 நாள் கொடுத்து வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

நேரம் தவறாகப் போட்டுவிட்டால்: போட்ட 15 நிமிடத்துக்குள்தான் திருத்த முடியும். திருத்தினாலும் ஏற்கெனவே படித்தவருக்கு மறுபடி ஒலி வராது. அதனால் நேரம், தேதி, தெரு மூன்றில் ஒன்று தவறென்றால் திருத்தவே வேண்டாம். பழையதை எல்லாருக்கும் நீக்கிவிட்டு, "திருத்தம்" என்ற சொல்லோடு தொடங்கும் புதிய அறிவிப்பு போடுங்கள்.

அறுபது வீடு · ஜூன் 6, காலை 9.25

இந்த எழுதும் முறையை நாங்களும் எடுத்துக்கொள்கிறோம். கம்யூனிட்டி எங்களுக்கு இன்னும் தேவையில்லை என்றே தோன்றுகிறது.

தெற்குவீதி · ஜூன் 6, காலை 9.40

தேவையில்லை. ஆள் கூடும்போது, இணைச்செயலர் முன்பு கேட்ட இரண்டாவது குரூப், அட்மின் மட்டும் பேசுவது. அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மாடிவீடு · ஜூன் 6, மதியம் 12.50

தெரு வாரியாகப் பிரிப்பதில் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. ஏழு தெருக் குரூப் என்றால் ஏழு இடத்தில் ஒரே புகார் வரும், ஏழாவது குரூப்பைப் பார்க்க கமிட்டியில் ஆள் இருக்காது. புகாருக்கு ஒரே குரூப் வைத்தால் என்ன? விளக்கு, தண்ணீர், குப்பை எல்லாம் அங்கே. ஒரு புகார் ஒரு செய்தி, வீட்டு எண்ணோடு. முடிந்ததும் பொறுப்பாளர் அதன்மேல் பச்சை டிக் குறி போடுவார்.

தணிக்கை · ஜூன் 6, மதியம் 2.10

மாடிவீடு சொல்வதில் கணக்கு வைக்கும் வசதி உண்டு. மாதக் கடைசியில் டிக் இல்லாத செய்திகளை எண்ணினால் பாக்கி தெரியும். ஆனால் அந்தக் குரூப்பில் செய்தி மறையும் வசதியை இயக்கியிருந்தால் எண்ண ஒன்றும் மிஞ்சாது, அது அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

தெற்குவீதி · ஜூன் 6, மாலை 5.15

ஒரே புகார்க் குரூப் என்றால் மறுபடி 500 வீடு ஒரே இடத்தில், எண்களும் மறுபடி எல்லாருக்கும். மாடிவீட்டின் முதல் கவலை திரும்ப வரும். எனக்குத் தெருக் குரூப்தான் சரி. மூன்றாம் தெரு விளக்கு எரியவில்லை என்று ஒருவர் சொன்னதும் பக்கத்து வீட்டுக்காரர் "எங்கள் முன்னாலும் எரியவில்லை" என்பார், ஒரு கம்பமா ஒரு வரிசையா என்று உடனே தெரியும். தெருப் பொறுப்பாளர் அதை ஒரே செய்தியாகக் கமிட்டிக் குரூப்புக்குக் கொண்டுபோவார். ஏழு பொறுப்பாளர் கிடைக்காவிட்டால் இந்த ஏற்பாடு ஓடாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மாடிவீடு · ஜூன் 6, மாலை 6.00

கிடைப்பார்களா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். தொடக்கத்தில் ஏழு பேர் கை தூக்குவார்கள், ஆறு மாதம் கழித்து மூன்று பேர். அப்போது இரண்டு மூன்று தெருவை ஒரே குரூப்பாகச் சேர்ப்பதுதான் நடைமுறை. தொடக்கத்திலேயே நான்கு குரூப் என்று வைத்தால் பிறகு கலைக்க வேண்டியதில்லை.

பொருளாளர் · ஜூன் 6, இரவு 8.45

அப்படியானால் சேனலுக்கு வேலையே இல்லையா?

தெற்குவீதி · ஜூன் 6, இரவு 9.10

இருக்கிறது. வெளியாட்களும் படிக்கலாம் என்பதற்கு மட்டும். மருத்துவ முகாம், விளையாட்டுப் போட்டி, மரம் நடும் நாள், அரங்கு வாடகைக்கு உண்டு என்ற தகவல். அதில் வரும் எதையும் தெருவில் சுவரொட்டியாக ஒட்டத் தயங்க மாட்டீர்கள் என்றால் அது சேனலுக்கு ஏற்றது. ஆவணமாக அதை நம்பாதீர்கள், சேனல் பதிவுகளை 30 நாள் வரைதான் சர்வரில் வைப்போம் என்று 2023இல் அதை அறிமுகம் செய்தபோதே சொல்லிவிட்டார்கள். கூட்டக் குறிப்பு, வரவு செலவு எல்லாம் சங்கக் கோப்பில்.

இணைச்செயலர் · ஜூன் 7, காலை 7.45

கமிட்டியில் பேசினோம். பட்டியல் சரிபார்க்க இரண்டு வாரம், பிறகு நான்கு போன் சோதனை, பிறகு இணைப்பு. தெருவை நான்கு குரூப்பாகத் தொடங்குகிறோம். ஒரு விஷயத்தில் மட்டும் முடிவு வரவில்லை. வாடகைக்கு இருப்பவரை அறிவிப்பில் சேர்ப்பதில் எல்லாரும் சம்மதம். ஆனால் பராமரிப்புக் கட்டண உயர்வு, கணக்கு போன்றவை சொந்தக்காரருக்கு மட்டும் என்று சிலர் கேட்கிறார்கள். அறிவிப்புக் குரூப் ஒன்றுதானே இருக்கும்.

தணிக்கை · ஜூன் 7, காலை 9.20

சொந்தக்காரருக்குத் தனி அறிவிப்பு அங்கே இல்லை. கம்யூனிட்டிக்குள் "உரிமையாளர்கள்" என்று ஒரு குரூப் வைத்து, அட்மின் மட்டும் பேசும்படி வைக்கலாம். எண் அவர்களுக்குள் தெரியும்.

மாடிவீடு · ஜூன் 7, காலை 10.05

கட்டணத்தைக் கடைசியில் கட்டுவது பல வீட்டில் வாடகைதாரர்தான். அவருக்குத் தெரியாமல் உயர்த்தினால் வீட்டுக்காரருக்கும் அவருக்கும் இடையில் சங்கம் மாட்டிக்கொள்ளும். கணக்கும் எல்லாருக்கும் போகட்டும்.

தெற்குவீதி · ஜூன் 7, காலை 11.30

இது குரூப் அமைப்பால் தீரும் விஷயம் இல்லை, உங்கள் சங்க விதியில் வாடகைதாரருக்கு என்ன இடம் என்று எழுதியிருக்கிறதோ அதைப் பாருங்கள். விதியில் ஒன்றும் இல்லை என்றால் பொதுக்குழுவில் கேட்டு எழுதிவிட்டு, அதற்கேற்ப அந்தக் குரூப்பைத் தொடங்குங்கள். அதுவரை விரிதாளில் சொந்தம், வாடகை என்ற பத்தியை மட்டும் சரியாக நிரப்பி வையுங்கள், எந்தப் பக்கம் முடிவு வந்தாலும் தேவைப்படும்.